பெரிய வீட்டுக் குழு: கதிர் எழுதிய கவர் லெட்டர்

கதிர்: எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதுகிறேன். மொத்தம் 8 பேர்தான். கவர் லெட்டர் கேட்கிறார்கள். யாராவது பார்க்க முடியுமா?

மல்லிகா சித்தி: பிரவுன் கவரே போதும்டா. கூரியரில் போடு, தபால் லேட்டாகும்

அருண்: 😂😂

கதிர்: சித்தி, இது மெயில்

பாஸ்கர் மாமா: தம்பி, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கு. அப்பா பெயர், 10, 12 மார்க், கடைசியில் உறுதிமொழி, கையெழுத்து. 31 வருஷம் பேங்கில் எத்தனை விண்ணப்பம் பார்த்திருப்பேன்.

சுதா அக்கா: மாமா, அது பயோடேட்டா. மார்க்கெல்லாம் ரெசியூமில் இருக்கும். கதிர், எழுதியதைப் போடு

கதிர்: இங்கிலீஷில்தான் அனுப்புவேன், இங்கே தமிழில். "நான் மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவன். கோடிங்கில் மிகுந்த ஆர்வம் உண்டு. பைதான், ஜாங்கோ, எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் சொந்தமாகக் கற்றேன். கடின உழைப்பாளி. வாய்ப்பளித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்."

பாஸ்கர் மாமா: அருமை. அப்படியே அனுப்பு

மல்லிகா சித்தி: அண்ணன் சொல்லித்தான் மெக்கானிக்கல் சேர்ந்தான். இப்ப கோடிங்காம்

பாஸ்கர் மாமா: அப்போது நிலைமை வேறு மல்லிகா.

சுதா அக்கா: எங்கள் ஆபீசில் இந்த மெயில்களை நான்தான் திறக்கிறேன். இதே வரிகள் நூறு பேரிடமிருந்து வரும். சொந்தமாகக் கற்றேன் என்றால் எதை வைத்து நம்புவது? சான்றிதழ் இல்லை, காட்ட ஒரு பொருள்தான் இருக்கும். என் அம்மாவுக்குப் பால் கணக்கு செய்து கொடுத்தாயே, அது எங்கே?

கதிர்: அது சின்னதுதானே அக்கா

பெரியம்மா: சின்னதா? அதில் டீக்கடைக் கணக்கு ரெண்டு மாசம் உதைத்தது

சுதா அக்கா: அதைத்தான் எழுதணும். என்ன ஆச்சு?

கதிர்: பெரியம்மா காலையில் பால் ஊற்றும்போதே போனில் பதிவார். டீக்கடைக்கு 5 மணிக்கு 5 லிட்டர். அது முந்தின நாள் தேதியில் விழுந்தது. பெரியம்மா தப்பாகத் தட்டுகிறார் என்றே நினைத்தேன்.

பெரியம்மா: என்னிடம் கோபப்பட்டான்

கதிர்: சாரி பெரியம்மா. அப்புறம் பார்த்தால் 5:30க்குப் பிறகு ஊற்றும் வீடுகளெல்லாம் சரியாக இருந்தன. நம் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஜாங்கோ தானாகப் போட்டுத் தரும் அமைப்பில் யுடிசிதான் இருக்கும். அங்கே தேதி மாறும்போது நமக்கு விடிகாலை 5:30. பில் 31 இரவே கொடுத்துவிடுவோம், 1ஆம் தேதிப் பால் அதற்குப் பிறகு 31இல் போய் விழும். எந்த பில்லிலும் வராது. 5 லிட்டர், லிட்டர் 50 ரூபாய், மாதம் 250 போச்சு. திருத்தியது ஒரே வரி:

```
TIME_ZONE = 'Asia/Kolkata'
```

பழைய பதிவுகளின் தேதியை மட்டும், பதிந்த நேரத்தைப் பார்த்துக் கையால் மாற்றினேன்.

சுதா அக்கா: கடிதம் இதுதான். நீயே தப்பு செய்து நீயே கண்டுபிடித்திருக்கிறாய். ஆலைக் கணக்கு எழுதுபவர்கள் இதைப் படித்தால் உடனே புரிந்துகொள்வார்கள். கிட்ஹப் இணைப்பு கொடு, பார்க்கிறேன்

கதிர்: தனியாக அனுப்பிவிட்டேன்

அருண்: அத்தை, வளைகாப்பு 12ஆ 14ஆ?

மல்லிகா சித்தி: 14. அண்ணனுக்கு முன்பே சொல்லியாச்சு, பிறகு சொல்லவில்லை என்று வரக்கூடாது

பாஸ்கர் மாமா: 👍

சுதா அக்கா: கதிர்!! db.sqlite3 கோப்பும் ஏறியிருக்கிறது. ஊர்க்காரர் போன் நம்பர், பாக்கி எல்லாம் வெளியே தெரிகிறது. இதைப் பார்த்தால் அங்கே உடனே கதவைச் சாத்திவிடுவார்கள்

கதிர்: ஐயோ. அழித்துவிடுகிறேன்

சுதா அக்கா: கோப்பை மட்டும் அழித்தால் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். இப்போதே பிரைவேட் ஆக்கு. பொய்ப் பெயர், பொய் நம்பர் போட்டுப் புதிதாக ஒன்று ஏற்று.

பெரியம்மா: யார் பாக்கி தெரிகிறது?

அருண்: எல்லார் பாக்கியும் அத்தை

பெரியம்மா: தெரியட்டும்

(இரவு 9:40)

கதிர்: மாற்றி எழுதினேன். "உங்கள் மென்பொருள் ஆலைகளில் நெல் வரவைப் பதிகிறது என்று பார்த்தேன். நான் என் பெரியம்மாவின் பால் வியாபாரத்துக்கு ஜாங்கோவில் கணக்கு எழுதினேன், 7 மாதமாக 22 வீட்டுக்கு ஓடுகிறது. விடிகாலை 5:30க்கு முன் ஊற்றிய பால் முந்தின நாளில் பதிவானது. காரணம் நேர மண்டலம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. டெஸ்ட் எழுதத் தெரியாது, அதைக் கற்கவே கேட்கிறேன். ஜனவரி முதல் மே வரை வாரம் 4 நாள் வரலாம். மாதிரித் தரவுடன் இணைப்பு கீழே."

சுதா அக்கா: இது போதும். கடிதத்தை மெயிலுக்குள்ளேயே போடு, தனிக் கோப்பாக வேண்டாம். வாரம் 4 நாள் என்று காலேஜில் கேட்டாயா?

கதிர்: எச்ஓடி இன்னும் கடிதம் தரவில்லை

பாஸ்கர் மாமா: தெரியாது என்று யாராவது எழுதுவார்களா? அந்த வரியை எடு.

சுதா அக்கா: இருக்கட்டும் மாமா

பாஸ்கர் மாமா: உன் இஷ்டம்.

கதிர்: எடுக்கவா வைக்கவா?

பெரியம்மா: அதை விடு. டீக்கடைக்காரரிடம் அந்த 500ஐ யார் போய்க் கேட்பது?

அருண்: அப்பா. 31 வருஷ பேங்க் அனுபவம்