97 சதவீதம் துல்லியம், ஆனால் வயலெல்லாம் கட்டடம்: ரேண்டம் ஃபாரஸ்டுக்கு மாதிரி எடுத்த அனுபவங்கள்

பொன்வண்டு

சரிபார்த்துத் தரச் சொல்லி ஒரு நிலப்போர்வை வரைபடம் என்னிடம் வந்தது. சென்டினல்-2 படம், ஒரே நாளில் எடுத்தது. நீர், மரங்கள், பயிர், கட்டடம், வெற்று நிலம் என்று ஐந்து வகுப்புகள். செய்தவர் 40 பாலிகன் வரைந்து, உள்ளே விழுந்த பிக்சல்களையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, 70 சதவீதத்தைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் குலுக்கிப் பிரித்திருந்தார். துல்லியம் 97 சதவீதம் என்று அறிக்கை சொன்னது. வரைபடத்தைத் திறந்தால், அறுவடை முடிந்து உழுது போட்டிருந்த வயல்கள் பாதிக்கு மேல் கட்டடமாக நின்றன.

அந்த 97 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஒரே வயலுக்குள் அடுத்தடுத்து இருக்கும் பிக்சல்களுக்கு மண், ஈரம், படம் எடுத்த நேரம் எல்லாம் ஒன்றுதான். அவற்றில் சில பயிற்சிக்கும் சில சோதனைக்கும் போனால், வினாத்தாளை முன்பே கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த கதைதான். சென்டினலில் இது இன்னும் மோசம். B11, B12 இரண்டும் 20 மீட்டர் பேண்ட். 10 மீட்டருக்கு மாற்றும்போது அருகிலுள்ள மதிப்பையே எடுத்துக்கொள்ளும் முறையில் மாற்றினால், நான்கு பிக்சல்களுக்கு அச்சு அசலாக ஒரே எண் வரும். அந்த நான்கும் இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்தன.

பாலிகன் எண்ணை வைத்துப் பிரித்து மறுபடி ஓட்டினேன்:

```python
rf = RandomForestClassifier(n_estimators=300, n_jobs=-1)
pred = cross_val_predict(rf, X, y, groups=poly_id,
                         cv=GroupKFold(n_splits=5))
```

மொத்தத் துல்லியம் 81க்கு இறங்கியது. அதைவிட முக்கியம், மாடல் கட்டடம் என்று சொன்னவற்றில் ஒரு 200 பிக்சலை எடுத்துப் பார்த்தால் 118 மட்டும்தான் கட்டடம். வரைபடத்தில் கண்ணால் பார்த்த பிழை அப்போதுதான் எண்ணிலும் தெரிந்தது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? எப்படிச் சரிசெய்தீர்கள்?

கரிசல்

மாடலுக்குள் இருக்கும் மரங்களின் எண்ணிக்கையை, அதாவது `n_estimators`ஐ, 1000 ஆக்கிப் பாருங்கள் நண்பரே. ரேண்டம் ஃபாரஸ்டுக்குத் தனியாகச் சோதனைத் தரவே தேவையில்லை. `oob_score=True` கொடுத்தால் அதுவே நேர்மையான மதிப்பெண் தரும். நான் எப்போதும் அதைத்தான் நம்புகிறேன், எல்லா வேலையிலும் 95க்கு மேல்தான்.

தொலைநோக்கி

கரிசல் சொல்வதில் பாதி சரி. மரங்கள் கூடினால் கெடுதல் இல்லை, ஆனால் சில நூறுக்கு மேல் முடிவு நிலைப்படுமே தவிர மேம்படாது. ஓஓபி விஷயத்தில்தான் சிக்கல். ஒவ்வொரு மரமும் தனக்குக் கிடைக்காத பிக்சல்களை வைத்துச் சோதிக்கிறது, உண்மை. ஆனால் அந்தப் பிக்சலின் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் அந்த மரத்தின் பயிற்சியில் இருப்பார்கள். பாலிகன் பாலிகனாக மாதிரி எடுத்தவருக்கு ஓஓபியும் அதே 97ஐத்தான் காட்டும். புள்ளிகளைத் தள்ளித்தள்ளி எடுத்திருந்தால் ஓரளவு நம்பலாம்.

பொன்வண்டு, உங்கள் வரைபடத்தில் நான் முதலில் பார்ப்பது வெற்று நிலப் பாலிகன்கள் எங்கே இருந்தன என்பதை. பெரும்பாலும் ஆற்று மணலில் இரண்டு மூன்று பெரிய கட்டங்கள் போட்டிருப்பார்கள். காய்ந்த உழவு மண் B11இல் பளிச்சென்று இருக்கும், பச்சை இருக்காது. ஓடு, கான்கிரீட் கூரைகளும் ஏறக்குறைய அப்படித்தான். வெற்று நிலம் என்றால் மணல் மட்டுமே என்று கற்ற மாடலுக்கு, உழுத வயலுக்கு மிக நெருக்கமாகத் தெரிவது கட்டடம்தான். மரங்களைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது.

பொன்வண்டு

அப்படியேதான்! வெற்று நிலத்துக்கு மூன்றே பாலிகன், மூன்றும் ஆற்றங்கரை மணல்.

நீர்க்கோடு

எனக்கும் துல்லியம் இப்படித்தான் திடீரென்று விழுந்தது. 2021 படத்தில் பயிற்சி கொடுத்த மாடலை 2023 படத்தில் ஓட்டினேன், ஏரியெல்லாம் வேறு வகுப்புக்குப் போய்விட்டது. 2022 ஜனவரி 25க்குப் பிறகு வந்த சென்டினல்-2 படங்களில் பிக்சல் எண்ணோடு 1000 கூட்டியே தருகிறார்கள், அதைக் கழித்துவிட்டுத்தான் 10000ஆல் வகுக்க வேண்டும். நீரில் எண்கள் சின்னவை, 1000 ஏறினால் அது நீராகவே தெரியாது. எர்த் எஞ்சினில் `COPERNICUS/S2_SR_HARMONIZED` எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கும் இதுவாக இருக்குமோ?

பொன்வண்டு

இல்லை, பயிற்சியும் வரைபடமும் ஒரே படம்தான். ஆனால் குறித்து வைத்துக்கொள்கிறேன், நன்றி.

தொலைநோக்கி சொன்னபடி போனேன். பெரிய பாலிகன்களை விட்டுவிட்டு, படம் முழுக்கச் சிதறலாக நிறைய சின்னப் பாலிகன்கள் போட்டேன். வெற்று நிலத்தை மணல், உழுத மண், பாறை என்று மூன்றாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்து, கடைசியில் சேர்த்துக்கொண்டேன். உழவு மண் பிழை கணிசமாகக் குறைந்தது. அப்புறம் ஒற்றை நாள் படத்தோடு ஓராண்டுப் படங்களின் மேகத்தை நீக்கி, பிக்சல்வாரியாக என்டிவிஐயின் 90ஆம் சதமானத்தை இன்னொரு பேண்டாகச் சேர்த்தேன். உச்ச மதிப்பை எடுக்கவில்லை, ஏனென்றால் நீக்கியும் தப்பிய ஒரு மோசமான படம் போதும், உச்சம் கெட்டுவிடும். இன்று காய்ந்து கிடக்கும் வயல் ஆண்டில் ஒரு பருவத்திலாவது 0.5ஐத் தாண்டுகிறது. கூரைகள் ஆண்டு முழுக்க 0.2ஐ ஒட்டியே கிடக்கின்றன. பாலிகன் பிரிப்பிலேயே மொத்தம் 89க்கு ஏறியது.

தொலைநோக்கி

அருமை. ஒரு எச்சரிக்கை மட்டும். வரைபடம் தவறிய இடத்தைப் பார்த்துப் பார்த்துப் பயிற்சி மாதிரி சேர்ப்பது நல்ல வழக்கம்தான். சோதனைப் புள்ளிகளை அப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது. முடிந்த வரைபடத்தில் வகுப்புவாரியாகக் குலுக்கல் முறையில் புள்ளிகள் எடுத்து, உயர்தெளிவுப் படத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயரிட வேண்டும். உங்கள் 89உம் நீங்களே பார்த்துப் போட்ட பாலிகன்களின் மேல் வந்ததுதான்.

முதல்மழை

எனக்கு ஒரு சந்தேகம். ஓரப் பிக்சல்களை விட்டுவிட்டுப் பாலிகனை உள்ளே தள்ளி வரையச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்கள். அது தவறா? இன்னொன்று, எல்லா வகுப்புக்கும் சம எண்ணிக்கையில் மாதிரி எடுக்கலாமா, பரப்பளவுக்கு ஏற்பவா?

தொலைநோக்கி

பயிற்சிக்குச் சுத்தமான நடுப் பிக்சல் சரி. சோதனையையும் நடுவிலிருந்தே எடுத்தால் வயல் வரப்பு, சாலையோரம் எல்லாம் தேர்வுக்கே வராது. துண்டு துண்டான நிலத்தில் அவைதான் பெரும்பகுதி. இரண்டாவது கேள்விக்கு, நான் சமமாகவே எடுக்கிறேன்.

கரிசல்

அங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சமமாக எடுத்தபோது என் வரைபடத்தில் சதுப்பு நிலம் உள்ளதைவிடப் பல மடங்கு வீங்கியது. பரப்புக்கு ஏற்ப எடுத்த பிறகுதான் அடங்கியது.

தொலைநோக்கி

அடங்கியதா, காணாமலே போனதா? அரிதான வகுப்புக்கு மாதிரி குறைந்தால் மாடல் அதைச் சொல்லவே தயங்கும். இரண்டுக்கும் விலை உண்டு. எதை எடுத்தாலும் பரப்பளவை வரைபடப் பிக்சலை எண்ணிச் சொல்லாமல், குலுக்கல் சோதனைப் புள்ளிகளின் பிழையை வைத்துத் திருத்திச் சொல்லுங்கள்.

கரிசல்

சதுப்பு வகுப்பைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

பொன்வண்டு

என்னிடம் இன்னும் மிச்சமிருப்பது கல்குவாரியும் புதிதாக மண் கொட்டிய கட்டுமானத் தளங்களும். ஆண்டு முழுக்கப் பச்சை ஏறாததால் அவற்றை என்டிவிஐ பிரிப்பதில்லை. கட்டடமாகவே வருகின்றன.

நீர்க்கோடு

சென்டினல்-1 ரேடாரின் விவி பேண்டைச் சேர்த்தபோது எனக்குப் பாதி தீர்ந்தது. சுவரும் தரையும் சேர்ந்து சிக்னலைத் திருப்பி அனுப்புவதால் கட்டடம் பிரகாசமாக வரும், வெறும் மண் மங்கும். ஆனால் ரேடார் பார்க்கும் திசைக்குச் சாய்வாக இருக்கும் தெருக்களில் கட்டடமும் மங்கிவிடுகிறது, குவாரியின் செங்குத்துச் சரிவோ பிரகாசமாகிறது. அந்த மீதிப் பாதிக்கு என்னிடம் இன்னும் வழி கிடைக்கவில்லை.