ஊசி போட்ட ராத்திரி ஃபிட்ஸ் வந்த பிள்ளைக்கு அடுத்த ஊசி போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் பகிருங்கள்

குடியாத்தம் அம்மா
பெரியவனுக்கு ஒன்றரை வயசில், புதன்கிழமை ஊசி அன்னைக்கு, தொடையில் டிபிடி பூஸ்டரும் கையில் எம்ஆரும் போட்டாங்க. சாயந்திரமே ஜுரம். ராத்திரி 11 மணிக்குக் கண்ணு மேல சொருகி, ரெண்டு கை ரெண்டு காலும் வெட்டி இழுத்தது. ஆயா சாவிக்கொத்தை அவன் கையில திணிச்சாங்க, நான் வெறுமனே அழுதேன். ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னுடுச்சு. 108 வந்தப்ப ஜுரம் 103. அரை மணியில என்னைப் பார்த்து தண்ணி கேட்டான். அதுக்கப்புறம் ஃபிட்ஸ் வரவே இல்ல.

இப்ப அவனுக்கு 5 வயசு, அடுத்த டிபிடி. ஒரு கிளினிக்கில், "இவனுக்கு இனி எந்த ஊசியும் கூடாது" என்றார்கள். நிஜமா?

காட்பாடி அப்பா
எம்ஆர்தான் காரணமா இருக்கும் சிஸ்டர். அதை விடுங்க. டிபிடிக்குப் பதிலா பிரைவேட்ல வலியில்லாத ஊசி போடுங்க, ஃபிட்ஸே வராது. எங்க பையனுக்கு அதுதான் போட்டோம்.

வாலாஜா, ஓய்வுபெற்ற கிராம செவிலியர்
காட்பாடி தம்பி சொல்றதுல பாதி சரி. எம்ஆர் ஜுரம் அன்னைக்கே வராது. உள்ளே போன கிருமி பெருகணும், அதனால 5 நாளுக்கு மேல, பன்னிரண்டு நாளுக்குள்ளதான் வரும். அன்னைக்கு ராத்திரியே வந்தா டிபிடி, அதுவும் கக்குவான் பாகம். வலியில்லாத ஊசியில அந்தக் கிருமியை முழுசா வைக்காம, சில துண்டுகளை மட்டும் வைக்கிறாங்க. ஜுரம் குறையும், ஆனா வரவே வராதுன்னு இல்ல.

குடியாத்தம் அம்மா, உங்க பிள்ளைக்கு வந்தது ஜுர வலிப்பு. சின்ன நேரம், ரெண்டு பக்கமும், ஜுரத்தோட, உடனே தெளிஞ்சான். அது ஊசியை நிறுத்தக் காரணம் இல்ல. கக்குவான் ஊசியை நிறுத்தியே ஆகணும்னா அது வேற: போட்ட 7 நாளுக்குள்ள பிள்ளை நினைவு தப்பி, மணிக்கணக்கா தெளியாம கிடந்து, வேற காரணமும் கிடைக்காத நிலை. கட்டுக்குள் வராத வலிப்பு இருந்தா நிலைமை சீராகும் வரை தள்ளி வைப்பாங்க. 3 நாளுக்குள்ள ஃபிட்ஸ் வந்தது "யோசிச்சுப் போடு"ங்கிற வரிசையில வரும். இன்னொண்ணு, ஜுர வலிப்பு பெரும்பாலும் 5, 6 வயசோட நின்னுபோகும். போன தடவையைவிட இப்ப பயம் குறைவு.

அப்புறம், சாவி வேண்டாம்மா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில ஒண்ணும் வைக்காதீங்க, மணி பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா 108.

ராணிப்பேட்டை அம்மா
எங்க பொண்ணுக்கு முழங்கை மடிப்பு, கன்னம் எல்லாம் கரப்பான். "கரப்பான் பிள்ளைக்கு ஊசி குத்தினா உடம்பெல்லாம் பொங்கும்"னு ஆயா தடுத்து, 9 மாச எம்ஆர் 14 மாசத்துலதான் போட்டேன். என் கேள்வியும் இதேதானே?

வாலாஜா செவிலியர்
இது வேற கேள்வி, ஆனா ஆயா பொய் சொல்லல. அது பெரியம்மைக்குக் குத்தின காலத்துப் பேச்சு. அந்த உயிருள்ள கிருமி கரப்பான் தோல்ல பரவி உயிருக்கே ஆபத்து ஆகும். இந்தியாவுல கடைசி பெரியம்மை 1975-ல். இப்ப பிள்ளைங்க அட்டையில அந்த ஊசியே இல்ல. பென்டா, எம்ஆர் எல்லாம் போடலாம், புண் இல்லாத இடமாப் பார்த்து. தோல்ல தடவுற ஸ்டீராய்டு களிம்பு தடை இல்ல. வாய்வழி ஸ்டீராய்டு அதிக அளவுல ரெண்டு வாரத்துக்கு மேல போயிருந்தா மட்டும் எம்ஆரைத் தள்ளணும்.

பாகாயம் அப்பா
என் அனுபவம் வேற. மகளுக்கு அஞ்சாவது மாசம், பென்டா போட்ட மறுநாள், இடது பக்கம் மட்டும் 40 நிமிஷம் இழுத்தது. ரெண்டு வருஷம் ஊசியைத் திட்டினேன். அப்புறம் ஜுரமே இல்லாமலும், வெந்நீர் ஊத்தினாலும் வந்தது. ஜீன் சோதனையில எஸ்சிஎன்1ஏ கோளாறு, ட்ராவே நோய்னு சொன்னாங்க. ஜுரம் எதனால வந்தாலும் அவளுக்கு வலிப்பு வரும், ஊசி முதல்ல வெளிக்காட்டியது, அவ்வளவுதான். இப்ப நரம்பு டாக்டர் ஊசிக்கு முன்னாடி நாளே தினசரி மருந்தைச் சரிபார்த்து, மூணு நாளுக்கு வலிப்பைத் தடுக்கிற க்ளோபசாம் மருந்தும் எழுதித் தருவார். வலிப்பு மருந்தை அன்னைக்குக் காலையும் நிறுத்த மாட்டோம். வலிப்பு நீளமாகவோ, ஒரு பக்கமோ, ஒரு வயசுக்குள்ளயோ வந்தா நரம்பு டாக்டரைப் பாருங்க.

காட்பாடி அப்பா
எங்க டாக்டர் க்ளோபசாம் ஜுர வலிப்புக்குத் தேவையே இல்லன்னார்.

பாகாயம் அப்பா
எளிய ஜுர வலிப்புக்கு அப்படிச் சொல்றவங்க உண்டு. எங்க டாக்டர் என் பிள்ளைக்காகத் தர்றார்.

குடியாத்தம் அம்மா
எல்லாருக்கும் நன்றி. நேத்து பெரியவனை வேற குழந்தை டாக்டர்கிட்ட காட்டினேன். சாதாரண டிபிடியே போதும்னார், எனக்குப் பயம் இருந்தா வலியில்லாததும் சரின்னார். நான் அவனுக்குச் சாதாரணமே போட்டுட்டேன். ஜுரம் வந்தா மட்டும் பாராசிட்டமால், எடைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தார். முன்கூட்டியே கொடுத்தா ஃபிட்ஸ் தடுக்கும்னு நினைக்காதேன்னும் சொன்னார். ராத்திரி 100 இருந்தது, தூங்கிட்டான். நான் தூங்கல.

சின்னவளுக்கு அடுத்த மாசம் 16 மாசம் முடியுது. அண்ணனுக்கு வந்ததால அவளுக்கும் வருமா?

வாலாஜா செவிலியர்
கொஞ்சம் கூடுதலா வர வாய்ப்பு இருக்கு. அதுக்காக ஊசியை நிறுத்தச் சொல்ல மாட்டாங்க. அட்டையில அண்ணன் விஷயத்தை எழுதச் சொல்லுங்க, போட்ட பிறகு அரை மணி அங்கேயே உட்காருங்க. அன்னைக்கு ராத்திரியும், எம்ஆருக்காக இரண்டாவது வாரமும் ஜுரம் பாருங்க.