உதவி: ஆதாரில் சொந்த ஊர் முகவரி. கோவையில் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிய முடியுமா?

தாமிரபரணி
நான் இந்து, வயது 26, ஊர் திருநெல்வேலி. அவர் கிறிஸ்தவர், வயது 29, நாகர்கோவில். யாரும் மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறோம். நான் ஜூன் 1 முதல் கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். அவர் இங்கே வேலைக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால், ஆதாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஊரில் போய்ப் பதியுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டில் சம்மதம். என் அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. நான் சொல்வதற்கு முன்னால், பதிவுக்கு முன்பு பலகையில் ஒட்டும் நோட்டீஸ் ஊருக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

செல்வா
இதற்கு ஏன் இவ்வளவு கவலை? கோயிலில் தாலி கட்டி, கோயில் ரசீது, பத்திரிகை, சாட்சிகளோடு போனோம். எங்களுக்கு அன்றே பதிந்து கொடுத்தார்கள்.

ஆவண எழுத்தர்
செல்வா, நீங்கள் இருவரும் இந்து. நடந்து முடிந்த கல்யாணத்தை இந்து திருமணச் சட்டப்படி பதிந்திருக்கிறீர்கள். இவர்களுக்கு அது பொருந்தாது. ஒருவர் கிறிஸ்தவர் என்பதால் கோயிலில் தாலி கட்டினாலும், சுயமரியாதைத் திருமணம் செய்தாலும் அந்தச் சட்டத்துக்குள் வராது.

தங்கச்சி, சிறப்புத் திருமணச் சட்டம் 5ஆம் பிரிவைப் பாருங்கள். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன் 30 நாள் குடியிருந்தால் போதும். நீங்கள் ஜூன் 1 முதல் இருக்கிறீர்கள், அவர் வந்து ஐந்து நாள் என்பது தடையே இல்லை. ஆதாரில் கோவை முகவரி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, குடியிருப்பதைக் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தோடு, இந்த முகவரி போட்ட பாஸ்புக்கோ கேஸ் இணைப்பு ரசீதோ சேர்த்துக் கொடுங்கள். வெறும் ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் சில இடங்களில் தயங்குவார்கள். கூடவே வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், இருவரின் போட்டோ.

நாள் கணக்கு இப்படி: ஜூலை 10 நோட்டீஸ் கொடுத்து அன்றே ஒட்டினால், ஆகஸ்ட் 9 வரை ஆட்சேபனைக்கான காலம். அதற்குப் பின் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போடலாம். அக்டோபர் 10 நெருங்கும் வரை இழுக்காதீர்கள். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

வானதி
2021லேயே கோர்ட் நோட்டீஸ் ஒட்டத் தேவையில்லை என்று சொல்லிவிட்டதே? அப்படி எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

ஆவண எழுத்தர்
அது அலகாபாத் உயர் நீதிமன்றம், 2021 ஜனவரி. அந்தத் தீர்ப்பு உத்தரப் பிரதேசத்து அலுவலர்களைத்தான் கட்டுப்படுத்தும். அதை நம்பி இங்கே நாள் குறிக்க வேண்டாம்.

ஊருக்குப் போகுமா என்ற கேள்விக்கு ஆறுதலாக எதுவும் சொல்ல முடியவில்லை. நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அந்த மாவட்டத் திருமண அலுவலருக்கு நகல் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். உங்களுடையது திருநெல்வேலிக்கு, அவருடையது கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. பெற்றோர் வீட்டுக்குத் தபால் அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் பலகையில் ஒட்டியதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

தாமிரபரணி
அப்பா பார்த்துவிட்டு வந்து ஆட்சேபனை எழுதினால் கல்யாணம் நின்றுவிடுமா அண்ணா?

ஆவண எழுத்தர்
"எனக்குச் சம்மதமில்லை" என்பது சட்டப்படி காரணமே ஆகாது. ஏற்கெனவே உயிரோடு துணை இருப்பது, வயது குறைவு, சம்மதம் தர முடியாத மனநிலை, தடைசெய்யப்பட்ட நெருங்கிய உறவு, இவைதான் காரணங்கள். இதில் ஒன்றைக் காட்டி எழுதினால் அலுவலர் விசாரித்து 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆட்சேபனையை அவர் ஏற்றுக்கொண்டால் நீங்கள் மாவட்ட நீதிமன்றம் போகலாம்.

குளத்துமேடு மேரி
எங்களுக்கு முகவரி பிரச்சினை இல்லை, இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. கையெழுத்துப் போடும் நாளில் எழுத்தர் மூன்றையும் வரிசையாக வைத்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அன்று திரும்பி வந்தோம். மூன்று சாட்சிகளும் லீவு போட்டு வந்திருந்தார்கள், அதுதான் மனசு வலித்தது. நோட்டீஸ் எழுதும்போதே எந்தப் பெயர் என்று முடிவு செய்து, எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள்.

வானதி
ஆதாரை இப்போதே கோவைக்கு மாற்றிவிட்டால் நிரந்தர முகவரியே கோவை ஆகிவிடாதா? ஊருக்கு நகலும் போகாது.

ஆவண எழுத்தர்
சில அலுவலர்கள் ஏற்கிறார்கள், சிலர் சொந்த ஊர் எது என்று தனியாகக் கேட்கிறார்கள். நோட்டீஸ் படிவத்தில் இப்போதைய இருப்பிடமும் நிரந்தர இருப்பிடமும் தனித்தனியாக இருக்கின்றன. ஜூன் 1 முதல் இருக்கும் வாடகை வீட்டை நிரந்தரம் என்று எழுதச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தாமிரபரணி
சரி அண்ணா, அப்படி எழுத மாட்டேன். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸை அதற்கு அடுத்த வாரம் கொடுக்கிறோம். மேரி அக்கா, என் பத்தாம் வகுப்புச் சான்றிதழை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். எனக்கும் இனிஷியல் முன்னால்தான் இருக்கிறது.