சந்தேகமே இல்லாத இடத்தில் சப்ஜங்டிவ் ஏன் வருகிறது?

நிலா_பி1
ஸ்பானிஷ்ல பி1 நிலை முடிச்சு பி2-க்குப் படிக்கிறேன். "சந்தேகம்னா சப்ஜங்டிவ், நிச்சயம்னா இண்டிகேடிவ்"னு வினையோட ரெண்டு வடிவத்துக்கும் கிளாஸ்ல விதி சொன்னாங்க. "மே அலேக்ரா கே எஸ்தேஸ் அகி", நீ இங்க இருக்கிறது சந்தோஷம். ஆள் எதிரிலேயே நிக்கிறார், இதுல என்ன சந்தேகம், ஏன் சப்ஜங்டிவ்? ஆனா "கிரேயோ கே வியேனே", வருவான்னு நினைக்கிறேன். சந்தேகம் இதுலதான் இருக்கு, இங்க இண்டிகேடிவ் வருது. எதை வச்சு முடிவு பண்றது?

தஞ்சை_கோபால்
எட்டு வகைக் காரணம் தேடிக்கிட்டு இருக்க வேண்டாம்மா, சொற்களை மனப்பாடம் பண்ணு. "நடக்கணும்னு" பாரா கே, "நடக்கிறதுக்கு முன்னாடி" ஆந்தேஸ் தே கே, "நடக்காம" சின் கே, "நடக்கட்டுமே" ஓஹாலா: இந்த நாலுக்கும் பின்னாடி எப்பவும் சப்ஜங்டிவ்தான், விதிவிலக்கே கிடையாது. அப்புறம் வேணும், நம்பறேன், கேட்டுக்கறேன், முக்கியம்னு சொல்ற கியேரோ கே, எஸ்பேரோ கே, தே பிதோ கே, எஸ் இம்போர்த்தாந்தே கே. உணர்ச்சி சொல்ற வினை வந்தாலும் அதே. நான் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். காரணம் புரிஞ்சுக்கப் போனவங்க வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள திணறிப் போறாங்க, பட்டியல் தெரிஞ்சவங்க கடகடன்னு பேசிடறாங்க.

ரேவதி_மொழி
நீங்க சொன்ன அந்த நாலும் சரி, கோபால் சார். மத்ததுக்குப் பட்டியல் போதாது. கிரேயோ கே பட்டியல்ல எங்க வரும்? "கிரேயோ கே வியேனே" இண்டிகேடிவ், "நோ கிரேயோ கே வேங்கா", வருவான்னு நினைக்கலை, இது சப்ஜங்டிவ். சொல் ஒண்ணுதான், வினை மாறுது.

நிலா, "சந்தேகமா நிச்சயமா"ங்கிற கேள்வியை விட்டுடுங்க. கே-க்கு அப்புறம் வர்ற பகுதியைத் தனியா எடுத்து, "பேசறவர் இதை ஒரு தகவலா எனக்குச் சொல்றாரா?"னு மட்டும் கேளுங்க. "கிரேயோ கே ஹுவான் வியேனே"ல ஹுவான் வருவான்ங்கிற தகவலை அவர் சொல்றார். உறுதி கொஞ்சம் குறைவு, ஆனா சொல்றார். அதனால இண்டிகேடிவ். "நோ கிரேயோ"ன்னு ஆரம்பிச்சா அந்தத் தகவலுக்கு அவர் பொறுப்பே ஏத்துக்கலை. "கியேரோ கே வேங்காஸ்"ல நீ வருவேன்னு யாரும் அறிவிக்கலை, வரணும்னு ஆசைதான் சொல்லப்படுது.

இப்ப உங்க "மே அலேக்ரா". நீங்க இங்க இருக்கீங்கன்னு உங்ககிட்டயே யாராவது தகவல் சொல்வாங்களா? அது ரெண்டு பேருக்கும் தெரியும். புதுசா சொல்றது சந்தோஷத்தை மட்டும்தான். அதனாலதான் எஸ்தாஸ் வராம எஸ்தேஸ் வருது.

வலென்சியா_சுபா
இங்க வந்து வேலை பார்க்கிறேன், என் அனுபவம் வேற மாதிரி இருக்கே. குவாந்தோ வந்தா எதிர்காலத்துக்கு சப்ஜங்டிவ்னுதான் படிச்சேன், "குவாந்தோ யேகே அ காசா, தே யாமோ", வீட்டுக்குப் போனதும் போன் பண்றேன்னு. ஆனா வீட்டு ஓனரம்மா குழாய் ரிப்பேர்க்காரரைப் பத்திச் சொன்னது "நோ சே குவாந்தோ வெந்திரா". எதிர்காலம், சந்தேகமும் இருக்கு, ஆனாலும் வேங்கா இல்லையே! பேச்சுல யாரும் இதைப் பார்க்கிறதில்லைன்னு நினைக்கிறேன்.

ரேவதி_மொழி
அவங்க சரியாத்தான் பேசியிருக்காங்க, சுபா. அது வேற குவாந்தோ. "எப்ப வருவார்னு தெரியலை"ல அது கேள்விச் சொல். எழுத்துல அதுக்கு மேல உச்சரிப்புக் கோடு இருக்கும், பேச்சுல அழுத்தம் விழும். கேள்விச் சொல்லுக்குப் பின்னாடி இண்டிகேடிவ் இயல்பு.

நீங்க படிச்சது "போது, ஆனதும்"னு நேரம் காட்டற குவாந்தோ. அதுல ரெண்டு நிலை இருக்கு. "குவாந்தோ யேகோ அ காசா, மே துச்சோ": வீட்டுக்கு வந்தா குளிப்பேன், தினமும் நடக்கிறது, அதை அறிவிக்கலாம். "குவாந்தோ யேகே அ காசா, தே யாமோ": இன்னைக்கு இனிமேதான் வீட்டுக்குப் போகப் போறேன், நடக்காததை நடந்ததா அறிவிக்க முடியாது. நான் நிச்சயமாப் போவேன்ங்கிறது இங்க கணக்கிலேயே வராது.

தஞ்சை_கோபால்
அப்போ "நடக்காததுன்னா சப்ஜங்டிவ்"னு ஒரே வரியில் சொல்லிடலாமே.

ரேவதி_மொழி
முடியாது சார். "மன்யானா வியேனே ஹுவான்", நாளைக்கு ஹுவான் வர்றான். இன்னும் நடக்கலை, ஆனா இண்டிகேடிவ். ஏன்னா அவர் அதைத்தான் அறிவிக்கிறார். குவாந்தோ வாக்கியத்துல வீடு சேர்றது பின்னணி மட்டும், அறிவிப்பு போன் பண்றது.

தஞ்சை_கோபால்
சரி, உங்க சோதனைக்கே ரெண்டு வைக்கிறேன். "சாலி ஆந்தேஸ் தே கே யேகாரா ஹுவான்", ஹுவான் வர்றதுக்கு முன்னாடி கிளம்பிட்டேன். அவன் வந்துட்டான், நடந்து முடிஞ்ச விஷயம், ஆனாலும் சப்ஜங்டிவ். இன்னொண்ணு நிபந்தனை சொல்ற சி. "நாளைக்கு வந்தால்"ங்கிறதை யாரும் அறிவிக்கலையே? அப்போ "சி வேங்கா" சரியாகணும். ஆனா அது பச்சைத் தப்பு, "சி வியேனே"தான். என் வகுப்புல பி2 பிள்ளைங்க எல்லாரும் விழற குழி இதுதான்.

ரேவதி_மொழி
முதலாவதுக்கு என்கிட்ட பதில் இருக்கு. நான் கிளம்பின நேரத்துல நின்னு பார்த்தா ஹுவானோட வருகை இன்னும் நடக்காதது. ஆந்தேஸ் எப்பவும் அந்த இடத்துல நின்னுதான் பேசும், அதனால எப்பவும் சப்ஜங்டிவ்.

சி விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி, என் சோதனை அங்க வேலை செய்யாது. நிகழக்கூடிய நிபந்தனைன்னா சி-க்கு அப்புறம் நிகழ்கால இண்டிகேடிவ். வெறும் கற்பனைன்னா "சி வினியேரா"ன்னு இறந்தகால சப்ஜங்டிவ். நிகழ்கால சப்ஜங்டிவ் மட்டும் வரவே வராது. இதை மனப்பாடம்தான் பண்ணணும்.

வலென்சியா_சுபா
இப்பதான் ஒரு விஷயம் பிடிபடுது. என் ரூம்மேட் அறை தேடி ஏஜென்ட்டுக்கு "புஸ்கோ உனா ஆபிதாசியோன் கே தியேனே பால்கோன்"னு மெசேஜ் போட்டா. பதில் ஒரே சொல், "குவால்?" எந்த அறைன்னு கேட்டிருக்கார். எங்க ரெண்டு பேருக்குமே புரியலை.

ரேவதி_மொழி
தியேனேன்னா பால்கனி இருக்கிற ஒரு குறிப்பிட்ட அறை ஏற்கெனவே மனசுல இருக்குன்னு அர்த்தம். அவர் கேட்டது நியாயம்தான். எந்த அறையா இருந்தாலும் பால்கனி இருந்தாப் போதும்னா "கே தேங்கா பால்கோன்". அப்படி ஒரு அறை இருக்குன்னு அவங்க இன்னும் சொல்லலை. கிடைச்சதும் ஊருக்குப் போன் பண்ணும்போது "தேங்கோ உனா ஆபிதாசியோன் கே தியேனே பால்கோன்". கோபால் சார், இதுல தூண்டற சொல்னு பட்டியல்ல எதைப் போடுவீங்க? கே மட்டும்தானே இருக்கு?

தஞ்சை_கோபால்
தேடற வினை, வேணும்ங்கிற வினைன்னு போடுவேன். புஸ்கோ, நெசெசீதோ. ஆனா புஸ்கோ-வுக்கு ரெண்டுமே வரும்னு இப்ப நீங்களே காட்டிட்டீங்க, அதை ஒத்துக்கறேன். ஆரம்பத்துல பட்டியல்ங்கிறதை மட்டும் விட மாட்டேன். உங்க கேள்வி எழுதும்போது உதவும், பேசும்போது அதுக்கு நேரம் இல்லை.

நிலா_பி1
சோதிச்சுப் பார்த்தேன். "அம்மா தூங்கறதால சத்தமில்லாமப் பேசறேன்"ல அம்மா தூங்கறது நான் சொல்ற தகவல், அதனால "போர்கே துவேர்மே". "அம்மா தூங்கணும்னு சத்தமில்லாமப் பேசறேன்"னா "பாரா கே துவேர்மா". சரியா?

இன்னொண்ணு. எனக்கு ஆன்லைன்ல சொல்லித் தர்ற மெக்ஸிகோக்காரர் "கிரேயேஸ் கே வேங்கா?"ன்னு கேக்கறார். பாடப் புத்தகத்துல "கிரேயேஸ் கே வெந்திரா?"ன்னு இருக்கு.

ரேவதி_மொழி
ரெண்டு வாக்கியமும் சரி. மெக்ஸிகோவுல கேள்வியா வர்றப்ப வேங்கா சகஜம், ஸ்பெயின்ல வெந்திராதான் அதிகம். கேள்வி கேக்கறவர் அறிவிக்கலைன்னா வேங்கா நியாயம்தான், ஆனா ஸ்பெயின்காரங்க ஏன் அப்படிப் பார்க்கலைன்னு என் சோதனை சொல்லாது.

தஞ்சை_கோபால்
அதோட "நோ கிரேயாஸ் கே எஸ் ஃபாசில்"ஐயும் சேர்த்துக்கோங்க. சுலபம்னு நினைச்சுடாதே. நோவும் இருக்கு, கிரேயர் வினையும் இருக்கு, ஆனா சேயா வராம எஸ் வருது. இதுக்கு உங்க விளக்கம் என்ன?

ரேவதி_மொழி
கட்டளையா வரும்போது அது "சுலபம் இல்லை"ன்னு நானே அறிவிக்கிற மாதிரி ஆயிடுதுன்னு தோணுது. உறுதியாச் சொல்ல உதாரணம் இன்னும் பார்க்கணும். சுபா, உங்க ஓனரம்மா இப்படிப் பேசறதைக் கேட்டா முழு வாக்கியமா இங்க போடுங்க.