புராஜெக்ட் பேப்பரில் பெயர் வரிசை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கண்மாய்க்கரை:
எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு மேலூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர் எடுத்து ஃபுளோரைடு பார்த்தோம், நானும் என் வகுப்புத் தோழியும். ஊர் ஊராகப் போய் மாதிரி எடுத்தது, தினமும் ஸ்டாண்டர்டு போட்டு எலெக்ட்ரோடில் அளந்தது எல்லாம் நாங்கள் இருவர்தான். வைவா முடிந்து வேலைக்கு வந்துவிட்டேன். அப்புறம் கைடு அதை ஒரு பிஎச்.டி. ஸ்காலரிடம் கொடுத்து, வரைபடம் போட்டு, பேப்பராக எழுத வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. போன வாரம் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜர்னலிலிருந்து மெயில்: நீங்கள் இணை ஆசிரியர் என்பதை உறுதி செய்யவும். ஸ்காலர் முதல், கைடு, துறைத்தலைவர், நான்காவது நான். தோழி பெயரே இல்லை! கட்டைவிரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. கண் முன்னால் பஸ் போனதுகூடத் தெரியவில்லை. இன்னும் அழுத்தவில்லை.

செல்லூரான்:
எழுதியவர்தான் ஃபர்ஸ்ட் ஆதர், இதில் என்ன சந்தேகம்? தண்ணீர் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றிப் பகுதி போதும். நான்காவது இடம் கிடைத்ததே பெரிது.

திருநகர் வாத்தியார்:
செல்லூரான் தம்பி, பாதிதான் சரி. வெறும் பாட்டிலில் தண்ணீர் பிடித்தால் நன்றி போதும். இந்தப் பிள்ளைகள் அளந்து தரவையே உருவாக்கியிருக்கிறார்கள். பல ஜர்னல்கள் மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ.யின் விதியைத்தான் பின்பற்றுகின்றன. அதன்படி வடிவமைப்பு, தரவு, பகுப்பாய்வு என ஏதாவது ஒன்றில் கணிசமான பங்கு வேண்டும். எழுதவோ திருத்தவோ வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதம் தர வேண்டும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். நாலும் சேர்ந்தால்தான் ஆசிரியர். பலர் விட்டுவிடுவது இதைத்தான்: முதல் தகுதி இருப்பவருக்கு வரைவைக் காட்டி, திருத்தும் வாய்ப்பைக் கொடுத்தாக வேண்டும். காட்டாமலே வைத்துக்கொண்டு 'அவர் எழுதவில்லை' என்று பெயரை நீக்க முடியாது. துறையைப் பொதுவாக மேற்பார்க்கிறார் என்பது மட்டும் துறைத்தலைவருக்கு இடம் தராது.

அம்மா, நேராக ஜர்னலுக்கு எழுதாதீர்கள். முதலில் கைடுக்கு எழுதி, ஸ்காலருக்கும் நகல் போடுங்கள். மாதிரி எடுத்தது, அளந்தது, கணக்கு, வரைபடம், முதல் வரைவு, திருத்தம் என்று வேலை வாரியாக வரி போட்டு, எதிரே பெயர். தோழி பெயர் எத்தனை வரிகளில் வருகிறது என்று அவர்களே பார்க்கட்டும். லேப் நோட்டின் பக்கங்களையும் இணையுங்கள். சமர்ப்பித்த பிறகு பெயரைச் சேர்க்கவோ வரிசையை மாற்றவோ எல்லா ஆசிரியர்களின் எழுத்துபூர்வ சம்மதத்தையும் ஜர்னல் கேட்கும். தகராறு என்றால் எடிட்டர் தீர்ப்பு சொல்ல மாட்டார், கல்லூரிக்குத்தான் திருப்பி அனுப்புவார். அதனால் அச்சாவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நான் இந்தப் பட்டியலைத் தலைப்பு முடிவான வாரத்திலேயே மாணவர்களோடு உட்கார்ந்து போடுவேன். தரவு முடிந்ததும் ஒருமுறை, வரைவு வந்ததும் ஒருமுறை திருத்துவோம். வேலை கை மாறினால் வரிசையும் மாறும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

வண்டியூர் அல்லி:
எங்கள் கணிதத்தில் அகரவரிசைதான், சண்டையே இல்லை. ஆனால் என் இனிஷியலைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, தேடும் இடத்தில் எல்லாம் அப்பா பெயரின் கீழ் கிடக்கிறேன். இதற்கு யாராவது வழி சொல்லுங்களேன்.

பழங்காநத்தம்:
அல்லி, கேள்வி அது இல்லை. வாத்தியார் சொல்வது சரி, ஆனால் கல்லூரிப் பேராசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஒவ்வொரு பேப்பருக்கும் போடும் மார்க்கை விட்டுவிட்டார். யு.ஜி.சி. 2018 விதிப்படி இரண்டு ஆசிரியர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம். மூன்றாவது ஆள் வந்துவிட்டால் முதல், முதன்மை அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலா 30. என்னோடு புராஜெக்ட் செய்த பையன் பெயர் கடைசி வரைவில் காணாமல் போனதற்கு இதுதான் காரணம். கேட்டபோது கைடு கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மாணவர் முதலிலும் கைடு தொடர்பு ஆசிரியராகவும் இருந்தால் இருவருக்கும் நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

செல்லூரான்:
சரி, தரவு அவர்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய ஸ்காலரை இரண்டாவதாகத் தள்ளுவதும் நியாயம் இல்லை.

கண்மாய்க்கரை:
வாத்தியார் ஐயா சொன்னபடி பட்டியல் போட்டு அனுப்பினேன். ஸ்காலர் அக்காவே போன் செய்தார். தோழி பெயரைச் சேர்க்கச் சம்மதம், கைடும் சரி என்றுவிட்டார். துறைத்தலைவர் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முதலிடத்தை அக்கா விடமாட்டார், தீசிஸுக்கு வேண்டுமாம். எங்கள் மூவருக்கும் விண்மீன் குறி போட்டுச் சமபங்கு என்று எழுதலாம் என்கிறார். அது எங்களுக்கு எங்காவது உதவுமா?

பழங்காநத்தம்:
பேப்பரைத் திறந்து படிப்பவருக்குத் தெரியும். மேற்கோள் காட்டுபவர் எப்படியும் முதல் பெயரைப் போட்டு 'மற்றும் பிறர்' என்றுதான் எழுதுவார். ஒப்புக்கொள்வதென்றால், யார் எந்த வேலை செய்தார் என்ற பங்களிப்புக் குறிப்பையும் கட்டுரைக்குள்ளேயே அச்சிடக் கேளுங்கள்.