ஒரே தொகை, இரண்டு பில்: மாதக் கடைசியில் சீனி மூட்டைக் கணக்கு

கிட்டங்கிக் கணக்கு:

விருதுநகர்ப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் நடந்தது. ஆகஸ்ட் 30 சாயங்காலம். கணக்கர் சீனி இருப்பைச் சரிபார்க்கிறார். டாலி மென்பொருளில் 310 மூட்டை, கிட்டங்கியில் எண்ணினால் 260. ஐம்பது மூட்டை எங்கே போனது? திருட்டு என்று அண்ணாச்சி குதிக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் காலையில் சப்ளையர்களுக்குப் பணம் போட வேண்டும், பட்டியல் தயாராக இருக்கிறது.

கணக்கர் கொள்முதல் பதிவை எக்செல்லுக்கு எடுத்தார். பில் எண்ணை வைத்துத் தேடவில்லை, அதில்தான் ஏமாறுவோம். ஏ பத்தியில் சப்ளையரின் ஜிஎஸ்டி எண், சி பத்தியில் பில் தொகை. ஒரு ரூபாய் முன்னே பின்னே இருந்தாலும் பிடிக்கிற மாதிரி இதைப் போட்டார்:

```
=COUNTIFS(A:A,A2,C:C,">="&C2-1,C:C,"<="&C2+1)
```

ஒன்றுக்கு மேல் வந்த வரிகளை மட்டும் பார்த்தார். ஒரே சப்ளையரின் நான்கு வரிகளில் 4 என்று வந்தது, தேதிப்படி பார்த்தால் இரண்டு ஜோடி. நான்கு பில்லும் 1,05,000 ரூபாய்: 50 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, கிலோ 40 ரூபாய், 5 சதவீத வரி. முதல் ஜோடி 12ஆம் தேதி `1047`, 14ஆம் தேதி `SM/1047/25-26`. இரண்டாவது ஜோடி 21ஆம் தேதி 1093, 23ஆம் தேதி 1098.

குறைவது 50 மூட்டைதான். ஆக ஒரு ஜோடிதான் இரட்டைப் பதிவு, இன்னொன்று நிஜமாகவே இரண்டு லோடு. அவசரத்தில் இரண்டிலும் ஒன்றைத் தள்ளியிருந்தால் இருப்பு 50 மூட்டை குறைவாகக் காட்டியிருக்கும், சப்ளையர் பாக்கியும் பொய்யாகியிருக்கும்.

சரக்கு வரவு நோட்டை எடுத்தார். 13ஆம் தேதி காலை ஒரு லாரி, 21, 23 தேதிகளில் ஒவ்வொன்று. 1093, 1098 இரண்டுக்கும் தனித்தனி ஈ-வே பில் எண், தனித்தனி வண்டி எண், எடைமேடைச் சீட்டும் தனித்தனி. 1047க்கு இருந்தது ஒரே ஈ-வே பில். 12ஆம் தேதி வாட்ஸ்ஆப்பில் வந்த பில் படத்தை வைத்து ஒருவர் ஏற்றியிருக்கிறார். லாரியோடு வந்த தாளை வைத்து 14ஆம் தேதி இன்னொருவர் ஏற்றியிருக்கிறார்.

சாப்ட்வேர் தம்பி:

டாலியிலேயே இதைத் தடுக்கலாமே. வவுச்சர் டைப்பில் ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கிற அமைப்பு இருக்கிறது. அதை ஆன் செய்தால் தீர்ந்தது.

கிட்டங்கிக் கணக்கு:

தம்பி, அது நம்ம வவுச்சர் எண்ணுக்கு. விற்பனைப் பில்லுக்கு அருமையான காவல். கொள்முதலில் நம்ம வவுச்சர் எண் 412, 431 என்று தானாக வேறு வேறாகத்தான் வரும். சப்ளையர் பில் எண் தனிக் கட்டம். அதிலும் ஒருவர் 1047 என்று போட்டு, இன்னொருவர் முழுசாகப் போட்டால் எந்த மென்பொருளுக்கும் அது இரண்டு பில்தான். தாளில் இருப்பதை சாய்கோடு, வருஷம் உள்பட அப்படியே அடிக்கிற பழக்கம் வந்த பிறகுதான் அந்தத் தடுப்பெல்லாம் வேலை செய்யும்.

வத்தல் கமிஷன்:

டூப்ளிகேட் இன்வாய்ஸ் வருவது சட்டப்படி சரிதானே? சரக்குக்கு மூன்று பிரதி போட வேண்டும். ஒன்று வாங்குபவருக்கு, டூப்ளிகேட் லாரிக்காரருக்கு, மூன்றாவது விற்பவருக்கு. எங்கள் கடையில் டிரைவர் கொடுக்கிற டூப்ளிகேட்டைத்தான் ஃபைல் செய்கிறோம். ஒரிஜினல் ஒரு வாரம் கழித்து கூரியரில் வரும். இதில் என்ன தப்பு?

ஆடிட்டர் ஆபீஸ்:

அண்ணே, அவர் சொல்வது பிரதியை இல்லை, இரட்டைப் பதிவை. ஆனால் நீங்கள் சொன்ன பழக்கத்தில்தான் இது விளைகிறது. டிரைவர் தந்த தாள் ஏறிவிடும், ஒரு வாரம் கழித்து வரும் ஒரிஜினலும் புதுப் பில் மாதிரி ஏறிவிடும். மேலே அச்சடித்திருப்பதை யார் படிக்கிறார்கள்? பதிவு போட்டதும் நம்ம வவுச்சர் எண்ணைத் தாளின் மூலையில் சிவப்பு மையில் எழுதுங்கள். ஒரிஜினல் வந்தால் புதிதாக ஏற்றாமல் பழைய தாளோடு பின் அடியுங்கள்.

சப்ளையர் ஈ-இன்வாய்ஸ் போடுபவராக இருந்தால் இன்னும் சுலபம். பில்லில் இருக்கும் ஐஆர்என் என்ற பதிவு எண் 64 எழுத்து, கடைசி ஆறைப் பார்த்தால் போதும். எல்லாப் பிரதிக்கும் அது ஒன்றுதான். ஜிஎஸ்டி தளத்தின் 2பி அறிக்கையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அது அடுத்த மாதம் 14ஆம் தேதிதான் வரும், அதற்குள் 31ஆம் தேதிப் பணம் போயிருக்கும்.

கிட்டங்கிக் கணக்கு:

பணம் போக இருந்ததுதான் முக்கியம். 12ஆம் தேதிப் பதிவுக்கு நெஃப்ட் போட்டு, 1047 என்ற பில்லுக்கு எதிராகவே வரவு வைத்தாயிற்று. 14ஆம் தேதிப் பதிவு வேறு பெயரில் இருப்பதால் பாக்கிப் பட்டியலில் அப்படியே நிற்கிறது. பார்ப்பவருக்கு அது நியாயமான பாக்கி. பில் வாரியாகக் கணக்கு வைத்தால் இரட்டிப்பு தெரிந்துவிடும் என்பார்கள், இங்கே அதுதான் மறைத்தது. கணக்கர் முதலில் செய்த வேலை, நாளைய பட்டியலில் அந்த வரியை அடித்தது.

சாப்ட்வேர் தம்பி:

சரி, எதை எடுப்பது? சரியான பில் எண் இருப்பது இரண்டாவது பதிவில். 2பி-யோடு ஒப்பிடும்போது அதுதான் பொருந்தும். அப்படியானால் முதலாவதைத் தூக்கிவிடலாம்.

ஆடிட்டர் ஆபீஸ்:

கூடாது. முதலாவதில் பணம் இணைந்திருக்கிறது. அதை எடுத்தால் 1,05,000 முன்பணம் மாதிரித் தொங்கும். இரண்டாவதை `Alt+X` போட்டு ரத்து செய்து, காரணத்தை நரேஷனில் எழுதுங்கள். `Alt+D` வேண்டாம், வவுச்சரே இல்லாமல் போய்விடும். பிறகு முதல் பதிவில் சப்ளையர் இன்வாய்ஸ் எண்ணை மட்டும் முழுசாகத் திருத்துங்கள். கீழே பில் விவரத்தில் இருக்கும் பெயரில் கை வைக்காதீர்கள், பணம் அந்தப் பெயரில்தான் கட்டுப்பட்டிருக்கிறது.

இதெல்லாம் அந்த மாதத்து 3பி ரிட்டர்ன் தாக்கல் ஆகாத வரை. ஆகிவிட்டால் கூடுதலாக எடுத்த 5,000 ரூபாய் வரிக்கடனைத் திருப்ப வேண்டும். அதைப் பயன்படுத்தியும் இருந்தால் 18 சதவீத வட்டி.

வத்தல் கமிஷன்:

என் கதை வேறு. 100 மூட்டைக்குப் பில், வந்தது 96. கேட்டதும் அதே எண்ணில் 96க்கு இன்னொரு பில் அனுப்பிவிட்டார்கள். தொகை வேறு என்பதால் உங்கள் ஃபார்முலாவில் மாட்டாது.

கிட்டங்கிக் கணக்கு:

மாட்டாது. அதற்குத் தொகைக்குப் பதில் எண்ணை வைத்து இன்னொரு முறை தேட வேண்டும். அப்போது எண்ணை ஒரே மாதிரி அடித்திருந்தால்தான் உண்டு. இன்னொன்று, மாதத் தொடக்கத்திலிருந்து எடுக்காதீர்கள், போன மாதக் கடைசிப் பத்து நாளையும் சேர்த்து எடுங்கள். 29ஆம் தேதி பில் படம், 2ஆம் தேதி தாள் என்று மாதம் தாண்டி விழும்.

ஆடிட்டர் ஆபீஸ்:

நான்கு மூட்டைக்கு அவர்கள் கிரெடிட் நோட் தந்திருக்க வேண்டும், அதே எண்ணில் புதுப் பில் இல்லை. எதை ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டினார்கள் என்று கேளுங்கள்.

வத்தல் கமிஷன்:

கேட்டேன். "பார்த்துச் சொல்றோம்" என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தாளையும் சேர்த்து கிளிப் போட்டு வைத்திருக்கிறேன், எதையும் ஏற்றவில்லை.