மின்சாரம் போய்வந்த பின்பும் போர்ட் திறந்தே இருக்க: கேம் சர்வர், கன்சோல் வைத்திருப்போரின் அனுபவங்கள்

தக்கலை மேற்கு

வீட்டில் பழைய கணினி ஒன்றில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஓடுகிறது. வளைகுடாவில் இருக்கும் அக்காள் பிள்ளைகள் மாலையில் அதில் நுழைந்து இங்குள்ள பிள்ளைகளோடு விளையாடுவார்கள். ரவுட்டரில் டி.சி.பி. 25565 போர்ட்டை 192.168.1.5 என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி, ரப்பர் மரக்கிளைகள் மின்கம்பியில் விழும் காலம் வந்தால் எங்கள் பக்கத்தில் மின்சாரம் அடிக்கடி போகும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிப் போய்த் திரும்பிய ஒரு மாலையில், சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் வெளியூரிலிருந்து யாராலும் நுழைய முடியவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ரவுட்டர், எந்தக் கருவிக்கு எந்த முகவரியைக் கொடுத்தது என்ற பட்டியலைத் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கிறது. மின்சாரம் போனால் அந்தப் பட்டியலும் போய்விடும். மீண்டும் உயிர்பெற்றதும், முதலில் கேட்டவருக்கு முதல் டோக்கன் என்ற ரேஷன் கடை முறையில் 192.168.1.2 தொடங்கி வரிசையாகக் கொடுக்கிறது. பேட்டரியில் விழித்திருக்கும் கைப்பேசிகள் முந்திக்கொள்கின்றன, அடுத்து டி.வி. வருகிறது, பழைய ஹார்டு டிஸ்க்கோடு மெதுவாக எழும் சர்வர் கடைசியில் வந்து 192.168.1.7ஐப் பெறுகிறது. போர்ட் விதியோ இன்னமும் 5ஐயே காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணில் இப்போது இருப்பது டி.வி.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது பிள்ளைகளின் திரையில் வந்த வாசகம். `Connection refused` என்று உடனடியாக வந்தது. அதாவது அழைப்பு வீட்டுக்குள் வந்து ஏதோ ஒரு கருவியை அடைந்திருக்கிறது. அந்தக் கருவி, இந்தப் போர்ட்டில் இங்கு யாரும் இல்லை என்று திருப்பியனுப்பியிருக்கிறது. வெகுநேரம் காத்திருந்து `Connection timed out` என்று வந்திருந்தால், அந்த முகவரியில் எந்தக் கருவியுமே இல்லை என்றோ, அழைப்பு வழியிலேயே நின்றுவிட்டது என்றோ ஐயப்பட்டிருப்பேன். சர்வர் நின்றுபோயிருந்தாலும் `refused` வரலாம் என்பதால், வீட்டுக்குள்ளேயே 192.168.1.7 என்று கொடுத்து நுழைந்து பார்த்து, சர்வரில் குறையில்லை என்பதை உறுதிசெய்துகொண்டேன்.

பிறகு ரவுட்டரின் `LAN` பக்கத்தில் தானாகக் கொடுக்கும் முகவரிகளை 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்று குறுக்கினேன். `Address Reservation` என்ற இடத்தில் சர்வரின் மேக் முகவரிக்கு 192.168.1.110ஐ ஒதுக்கினேன். போர்ட் விதியிலும் 5 என்பதை 110 ஆக மாற்றினேன். ஒதுக்கீட்டைச் சேமித்தவுடன் சர்வரின் முகவரி மாறிவிடாது. அது புதிதாகக் கேட்கும்போதுதான் மாறும் என்பதால் வலைக்கம்பியைக் கழற்றி மாட்டினேன். கடைசியாக ரவுட்டரை அணைத்து, சர்வரை வேண்டுமென்றே தாமதமாக எழுப்பிப் பார்த்ததில் 110தான் வந்தது. மற்றவர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறீர்கள்?

குளச்சல் கடலோரம்

ரவுட்டரைத் தொடுவது தேவையற்ற வேலை என்பது என் கருத்து. என் பிளேஸ்டேஷன் 4இல் நெட்வொர்க் அமைப்புக்குள் சென்று, தானாகப் பெறுவதை விட்டுவிட்டு, கையால் எழுதினேன்: முகவரி 192.168.1.7, சப்நெட் 255.255.255.0, கேட்வே 192.168.1.1, டி.என்.எஸ். இடத்திலும் அதே 192.168.1.1. கன்சோல் இனி யாரிடமும் முகவரி கேட்பதில்லை. ஆகவே அது மாறவும் வழியில்லை. சோதித்துப் பார்த்தால் `NAT Type 2` என்றே காட்டுகிறது. எப்போதாவது ஓர் இரவில் இணைப்பு விட்டுவிட்டு வரும், அது நிறுவனத்தின் கோளாறு.

வடசேரி நெட்வொர்க்

குளச்சல் அண்ணாச்சி செய்தது பாதி சரி. கன்சோல் தன் எண்ணை விடாது என்பது உண்மை. ஆனால் அந்த எண் எடுக்கப்பட்டுவிட்டது என்று ரவுட்டருக்கு யார் சொன்னது? ரவுட்டரின் கொடுப்பனை, அதாவது அது தானாகக் கொடுக்கும் எண்களின் வரம்பு, 2 முதல் 254 வரை இருந்தால், 7 அதற்குள் கிடக்கிறது. சில ரவுட்டர்கள் ஒரு முகவரியைக் கொடுக்குமுன், அங்கு யாரேனும் இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கும். கன்சோல் அணைந்திருக்கும் பகல் வேளையில் தட்டினால் பதில் வராது. உடனே அந்த எண் ஒரு விருந்தாளியின் கைப்பேசிக்குப் போய்விடும். இரவில் நீங்கள் கன்சோலை எழுப்பும்போது ஒரே எண்ணில் இருவர். அப்போதுதான் இணைப்பு விட்டுவிட்டு வரும். நிறுவனத்தைக் குறை சொல்லுமுன், அடுத்த முறை அப்படி நடக்கும்போது கன்சோலை அணைத்துவிட்டு, கைப்பேசியிலிருந்து 192.168.1.7ஐப் பிங் செய்து பாருங்கள். பதில் வந்தால் அந்த எண்ணில் வேறொருவர் இருக்கிறார் என்று பொருள். சில கைப்பேசிகள் பிங்குக்குப் பதில் தராமலும் இருக்கும் என்பதால், ரவுட்டரின் கருவிப் பட்டியலையும் பார்த்துவிடுவது நல்லது.

கையால் எழுதியே ஆகவேண்டுமென்றால், கொடுப்பனைக்கு வெளியே உள்ள எண்ணை எழுதுங்கள். தக்கலை நண்பரைப் போல 100 முதல் 199 வரை குறுக்கிவிட்டால், 20 என்றோ 50 என்றோ அச்சமின்றி எழுதலாம். இன்னொரு சங்கடமும் உண்டு: ரவுட்டரை மாற்றும்போது புதியது 192.168.29.1 என்ற வேறு வரிசையில் இருந்தால், கையால் எழுதிய கன்சோல் எதையும் அடைய முடியாமல் நிற்கும். ஒதுக்கீட்டு முறையிலும் புதிய ரவுட்டரில் எல்லாவற்றையும் மறுபடி எழுதத்தான் வேண்டும், ஆனால் அதுவரை இணையமாவது கிடைக்கும். எனவே நான் ஒதுக்கீட்டையே விரும்புகிறேன்.

ஒதுக்கப்படும் எண் கொடுப்பனைக்குள் இருக்கவேண்டுமா, வெளியே இருக்கவேண்டுமா என்பதில் ரவுட்டருக்கு ரவுட்டர் வேறுபாடு உண்டு. வெளியே உள்ள எண்ணைச் சில ஏற்பதே இல்லை. தக்கலை நண்பர் உள்ளேயே 110ஐ வைத்திருப்பதில் எந்தப் பிழையும் இல்லை, ஏனெனில் ஒதுக்கிய எண்ணை ரவுட்டர் வேறு யாருக்கும் தராது.

திங்கள்சந்தை கேமரா

இதே தொல்லையை நானும் பட்டிருக்கிறேன், ஆனால் நீங்கள் சுற்றிவளைப்பதாகத் தோன்றுகிறது. இணைய நிறுவனத்திடம் மாதக்கட்டணம் செலுத்தி நிலையான ஐ.பி. வாங்கினால் முடிந்தது. என் கடைக் கேமராக்களின் டி.வி.ஆருக்கு அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் மின்சாரம் போய்வந்தால் சில நாள்களில் வீட்டிலிருந்து கடையைப் பார்க்க முடிவதில்லை. நிறுவனம் தந்த எண் உண்மையில் நிலையானதுதானா என்ற ஐயம் எனக்கு உண்டு.

வடசேரி நெட்வொர்க்

ஐயா, நீங்கள் வாங்கியது தெருவிலிருந்து கடைவாசல் வரைக்குமான எண். இங்கு பேசிக்கொண்டிருப்பது வாசலுக்கு உள்ளே இருக்கும் எண். வெளி எண் மாறாமலே இருந்தாலும், உள்ளே டி.வி.ஆர். 5இலிருந்து 8க்கு நகர்ந்தால் உங்கள் போர்ட் விதி வெறுங்காற்றைத்தான் காட்டும். அடுத்த முறை பார்வை போகும்போது, கடையில் நின்று ரவுட்டரின் கருவிப் பட்டியலில் டி.வி.ஆருக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். விதியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லையெனில் நிறுவனத்தின் மேல் குற்றமில்லை. வெளி எண் மாறினாலும், மாறும் எண்ணை ஒரே பெயரோடு இணைத்துவைக்கும் டைனமிக் டி.என்.எஸ். சேவை ஒன்றைக் கொண்டு சமாளிக்கலாம். உள் எண்ணுக்கு ஒதுக்கீடுதான் வழி.

கருங்கல் ஆசிரியை

நான் ஒதுக்கீடு செய்தும் என் மகனின் கன்சோலுக்கு வேறு எண்ணே வந்துகொண்டிருந்தது. பிறகுதான் தெரிந்தது, ஒதுக்கியது கம்பி இணைப்பின் மேக் முகவரிக்கு. அவன் விளையாடுவதோ வைஃபையில். ஒரே கன்சோலில் இரண்டுக்கும் தனித்தனி மேக் முகவரிகள் இருக்கின்றன. கம்பியிலேயே மாட்டிவிடு என்று சொல்லிவிட்டேன். அதன் பின் எண் சரியாக வருகிறது.

வடசேரி நெட்வொர்க்

அக்கா சொன்னது பலர் தவறவிடும் இடம். வைஃபையில் சர்வர் நடத்துவோர் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். விண்டோஸில் `Random hardware addresses` என்பது இயக்கத்தில் இருந்தால் கணினி தன் உண்மையான மேக் முகவரியைக் காட்டாது, ஒதுக்கீடும் பொருந்தாது. வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்துவிடலாம்.

உபுண்டு சர்வரில் வேறு விதமான தொல்லை வரும். அது முகவரி கேட்கும்போது, மேக் முகவரியோடு தான் உருவாக்கிய வேறோர் அடையாளத்தையும் சேர்த்து அனுப்புகிறது. சில ரவுட்டர்கள் அந்த அடையாளத்தைக் கொண்டு ஆளைத் தீர்மானிப்பதால், மேக் முகவரிக்கு எழுதிய ஒதுக்கீடு கவனிக்கப்படுவதில்லை. நெட்பிளான் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தால் அது மேக் முகவரியையே அடையாளமாக அனுப்பும்:

```yaml
network:
  version: 2
  ethernets:
    enp3s0:
      dhcp4: true
      dhcp-identifier: mac
```

`enp3s0` இருக்கும் இடத்தில் உங்கள் கணினியின் வலை அட்டைப் பெயரை எழுதி, பின்பு `sudo netplan apply` கொடுங்கள். வேறோர் ஊரில் இருந்துகொண்டு தொலைவிலிருந்து இதைச் செய்யாதீர்கள். முகவரி மாறினால் நீங்களே வெளியே நின்றுவிடுவீர்கள்.

கன்சோல் மட்டும் வைத்திருப்போர், ரவுட்டரில் `UPnP` இயங்கினால் பெரும்பாலும் இந்தக் கவலையே இல்லாமல் இருக்கலாம். கன்சோல் ஒவ்வொரு முறையும் தனக்கு வேண்டிய போர்ட்டைத் தானே கேட்டுத் திறந்துகொள்ளும். வீட்டில் உள்ள எந்தக் கருவியும் நம்மைக் கேட்காமலே கதவைத் திறக்கலாம் என்பதால் அதை நான் அணைத்துவைத்திருக்கிறேன். அது என் விருப்பம்.

குலசேகரம் மலையடி

இவை அனைத்தையும் செய்தேன். சர்வரின் எண் மாறவில்லை, விதியும் சரி, ஆனாலும் வெளியிலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. ரவுட்டரின் முகப்பில் `WAN IP` என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் எண் இருக்கிறது.

தக்கலை மேற்கு

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் அங்கு இருந்தால், ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்று பொருள். உங்கள் ரவுட்டருக்கு முன்னால் நிறுவனத்தின் வேறொரு கதவு இருக்கிறது. அதில் நீங்கள் விதி எழுத முடியாது. நீங்கள் செய்த ஒதுக்கீடு வீணில்லை, ஆனால் பொது முகவரி கேட்டு வாங்கும்வரை அதற்கு வேலையில்லை. திங்கள்சந்தை ஐயா வாங்கிய அந்தக் கட்டண எண் உங்களுக்குத்தான் உண்மையில் தேவைப்படுகிறது.

கருங்கல் ஆசிரியை

இன்னொரு ஐயம் எனக்கு எஞ்சியிருக்கிறது. ஃபைபருடன் வந்த பெட்டிக்குப் பின்னால் எங்கள் சொந்த ரவுட்டரை வைத்திருக்கிறோம். முதல் பெட்டியில் ஒரு விதி, சொந்த ரவுட்டரில் ஒரு விதி என்று இரண்டு எழுதியிருக்கிறோம். மின்சாரம் போய்வந்தால் கன்சோலின் எண் மாறுவதில்லை, ஆனால் முதல் பெட்டி எங்கள் ரவுட்டருக்குக் கொடுக்கும் எண் 192.168.1.3இலிருந்து 192.168.1.4க்குப் போய்விடுகிறது. எங்கள் ரவுட்டரின் மேக் முகவரியை முதல் பெட்டியில் ஒதுக்கினால் போதுமா?

வடசேரி நெட்வொர்க்

அதுவே போதும், அக்கா. உங்கள் ரவுட்டரும் முதல் பெட்டிக்கு ஒரு வாடிக்கையாளர்தான். ஒதுக்கும்போது ரவுட்டரின் வெளிப்பக்க மேக் முகவரியை எடுங்கள், அடியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு அது கடைசி எழுத்தில் வேறுபடலாம். முதல் பெட்டியின் கருவிப் பட்டியலில் தெரிவதையே நம்புங்கள்.

குளச்சல் கடலோரம்

முதல் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேட்பதே எளிது என்று நினைக்கிறேன். இரண்டு விதி எழுதும் வேலையே இராது.

கருங்கல் ஆசிரியை

கேட்டுப் பார்த்தோம், தொலைபேசி இணைப்பும் அதே பெட்டியில் இருப்பதால் மாற்ற இயலாது என்றார்கள். தொலைபேசியை வைத்துக்கொண்டே பிரிட்ஜ் முறைக்கு மாற்றியவர்கள் நம் மாவட்டத்தில் இருந்தால், எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். அதுவரை வடசேரி அண்ணன் சொன்ன ஒதுக்கீட்டைச் செய்துவைக்கிறேன்.